போன வருஷம் பதினொரு பேர், இந்த வருஷம் எத்தனை பேர்? தீபாவளிக் கூட்டத்துக்கு ஆள் கணக்கு

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

நம்ம லிஸனர் ஒருத்தர் தாம்பரம் பக்கம் அப்பாவோட ரெடிமேட் கடையைப் பார்த்துக்கிறார். அவர் அனுப்பின மெயில்ல இருந்துதான் இன்னைக்கு எபிசோட். அவர் கேட்டது ஒரே கேள்வி. "போன தீபாவளிக்கு பில்லிங்லயும் பேக்கிங்லயும் சேர்த்து பதினொரு பேர் நின்னாங்க. அப்படியும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கூட்டம். இந்த வருஷம் பதினாலு போடலாம்ங்கிறார் அப்பா. சரியா?"

அப்பா சொல்றது தப்புன்னு சொல்ல முடியாது, அவருக்கு முப்பது வருஷ அனுபவம். ஆனா "எத்தனை பேர்"ங்கிற கேள்வியில இருந்து ஆரம்பிச்சா ரெண்டு விஷயம் நடக்கும். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை அந்தப் பதினாலு பேரும் சும்மா நிப்பாங்க, "நாளைக்கு வரவேண்டாம்"னு பாதிப் பேரை அனுப்ப வேண்டியிருக்கும். கூட்டம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை அதே பதினாலு பேர் பதிமூணு மணி நேரம் கால்கடுக்க நிப்பாங்க. அதனால ஆளை எண்றதுக்கு முன்னாடி மணி நேரத்தை எண்ணணும். எந்த நாள், எந்த நேரத்துக்கு, எத்தனை மனித-மணி வேலை இருக்கு? ஆள் எத்தனைங்கிறது அதுல இருந்து தானா வரும்.

அவர் தன் பில்லிங் டேட்டாவை அனுப்பியிருந்தார். கடை அடையாளம் தெரியக்கூடாதுன்னு எண்களை ரவுண்ட் பண்ணி, கொஞ்சம் மாத்தியிருக்கேன். கணக்கு போடற முறை அப்படியே இருக்கு.

ரூபாயை விடுங்க, பில்லை எண்ணுங்க

பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து நமக்கு வேண்டியது மூணே மூணு காலம்: பில் போட்ட தேதி-நேரம், பில் நம்பர், எத்தனை பீஸ். விற்பனைத் தொகை வேண்டாம். துணியை மடிச்சு கவர்ல போடறவருக்கு அது 800 ரூபாய் சட்டையா, 1,800 ரூபாய் சட்டையாங்கிறது முக்கியம் இல்ல, ரெண்டும் ஒரே வேலைதான். அதோட, போன வருஷம் செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறிச்சு. ஆயிரத்துல இருந்து 2,500 ரூபாய் வரைக்குமான ரெடிமேடுக்கு 12 சதவீதமா இருந்தது 5 ஆச்சு. ரூபாயை வெச்சு ஒப்பிட்டா இந்த மாதிரி விலை மாற்றம் எல்லாம் உள்ள புகுந்து குழப்பும்.

அடுத்தது தேதி. இங்கதான் பெரும்பாலான எக்ஸெல் ஷீட் கவுந்துபோகும். போன தீபாவளி அக்டோபர் 20, திங்கள். இந்த வருஷம் நவம்பர் 8, ஞாயிறு. போன வருஷ நவம்பர் 1-ஐ இந்த வருஷ நவம்பர் 1-ஓட ஒப்பிட்டா, அன்னைக்கு தீபாவளி முடிஞ்சு பன்னிரண்டு நாள் ஆச்சு, கடை காலியா இருந்திருக்கும். அதனால தேதியைத் தூக்கிட்டு, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்ங்கிறதை வைக்கணும். `A2`-ல பில் போட்ட தேதி-நேரம் இருந்தா, பக்கத்துல ரெண்டு காலம் போதும்:

```
=DATE(2025,10,20)-INT(A2)
=HOUR(A2)
```

முதல் காலத்துல 7-னு வந்தா, தீபாவளிக்கு ஏழு நாள் முன்னாடி. அதை வெச்சு ஒரு பிவட் போட்டா அக்டோபர் 4-ல இருந்து 19 வரைக்கும் 16 நாள், மணி வாரியா பில் எண்ணிக்கை வந்துடும். இந்தக் கடைக்கு மொத்தம் 7,000 பில்.

இவ்வளவு பண்ணிட்டு நிறுத்தினாலும் தப்பாதான் வரும். போன வருஷம் மைனஸ் 7 ஒரு திங்கட்கிழமை, 300 பில். இந்த வருஷம் மைனஸ் 7 ஞாயிற்றுக்கிழமை. அதுவும் நவம்பர் 1, மாசக் கடைசியில சம்பளம் வாங்கினவங்க கையில காசு இருக்கிற முதல் ஞாயிறு. போன வருஷம் சம்பளம் வந்தப்போ தீபாவளிக்கு இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது. அதனால மூணு வார இறுதியா கூட்டம் பரவிச்சு. இந்த வருஷம் அக்டோபர் 24, 25 சம்பளத்துக்கு முன்னாடி வருது. நவம்பர் 7 சனிக்கிழமை தீபாவளிக்கு முந்தின நாள், ஊருக்குப் போறவங்க பஸ் ஸ்டாண்டுல இருப்பாங்க. ஆக மொத்தக் கனமும் அக்டோபர் 31, நவம்பர் 1-ன்னு ரெண்டு நாள் மேல போய் உக்காரும்.

எவ்வளவு உக்காரும்? போன வருஷ டேட்டாவால இதுக்கு பதில் சொல்ல முடியாது, ஏன்னா போன வருஷம் இந்த மாதிரி ஒரு ஞாயிறே கிடையாது. ஆனா 2023-ல தீபாவளி நவம்பர் 12, அதுவும் ஞாயிறு. அந்த வருஷமும் மைனஸ் 8, மைனஸ் 7 ரெண்டும் சம்பளம் வந்ததுக்கு அப்புறம் வந்த சனி, ஞாயிறுதான். சம்பளத்துக்கும் அந்த வார இறுதிக்கும் நடுவுல சில நாள் கூட இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால எத்தனை பில்ங்கிற அளவை போன வருஷத்துல இருந்து எடுத்துக்கறோம். அது எந்த நாள்ல எவ்வளவு விழும்ங்கிற வடிவத்தை 2023-ல இருந்து எடுத்துக்கறோம். நம்ம நண்பர் 2023 ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தார். அந்த 16 நாள் மொத்தத்துல மைனஸ் 7 ஞாயிறு மட்டும் 12 சதவீதம்.

கவுன்ட்டர் நிரம்பின நேரம் பொய் சொல்லும்

7,000 பில்ங்கிறது போன வருஷம் போட முடிஞ்ச பில். வந்தவங்க எத்தனை பேர்ங்கிறது வேற எண். போன வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள், அக்டோபர் 19 ஞாயிறு, சாயங்காலம் மணி வாரியா பில் எண்ணிக்கையைப் பாருங்க. அஞ்சு மணிக்கு 79, ஆறுக்கு 81, ஏழுக்கு 80, எட்டுக்கு 80. கூட்டம்னா ஏறும், இறங்கும். இப்படி ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வராது. அப்படி வந்தா அது டிமாண்ட் கிடையாது, கவுன்ட்டரோட உச்சவரம்பு.

சந்தேகம் இருந்தா இன்னொரு வழியில சரிபார்க்கலாம். நண்பர்கிட்ட ஸ்டாப்வாட்ச் வெச்சு முப்பது பில்லுக்கு நேரம் எடுக்கச் சொன்னேன். ஒரு பில்லுக்கு எப்படியும் 2 நிமிஷம் நிலையான வேலை: ஃபோன் நம்பர் கேக்கறது, யுபிஐ, கவர் எடுக்கறது. அதுக்கு மேல ஸ்கேன், டேக் எடுக்கறது, மடிச்சு வைக்கறதுன்னு பீஸுக்கு ஒரு நிமிஷம். சாதாரண நாள்ல சராசரி 3 பீஸ், அதாவது 5 நிமிஷம். தீபாவளி நேரத்துல குடும்பத்தோட வர்றாங்க, 6 பீஸ், அதாவது 8 நிமிஷம். (போன மாசத்து சராசரியை அப்படியே தூக்கி தீபாவளிக்குப் போட்டா இங்கேயே பாதிக் கணக்கு காணாம போயிடும்.) இப்போ பாருங்க. பதினொரு பேர், மணிக்கு 660 நிமிஷ உழைப்பு, பில்லுக்கு 8 நிமிஷம்னு வகுத்தா 82. டேட்டாவுல 80. அந்த நாலு மணி நேரமும் யாரும் தண்ணி குடிக்கக்கூட நகரலைன்னு அர்த்தம்.

அப்போ உண்மையா எத்தனை பேர் பில் போட வந்திருப்பாங்க? முந்தின ஞாயிறு, அக்டோபர் 12, கவுன்ட்டர் நிரம்பாத நாள். அன்னைக்கு காலை 11-ல இருந்து 4 வரைக்கும் 250 பில், சாயங்காலம் 5-ல இருந்து 9 வரைக்கும் 300. சாயங்காலம் மதியத்தை விட 1.2 மடங்கு. அக்டோபர் 19-ல மதியம் 350 பில், அப்போ நெருக்கடி இல்ல. அதே விகிதம்னா சாயங்காலம் 420 வந்திருக்கணும், வந்தது 320. காணாமப்போன நூறுல ஒரு நாற்பது பேர் ஒன்பது மணிக்கு மேல பில் போட்டிருக்காங்க, அது டேட்டாவுல தெரியுது. மீதி அறுபது பேர் எடுத்த துணியை வெச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிட்டாங்கன்னு எடுத்துக்கலாம். தீபாவளிக்கு முந்தின நாளும் ஒரு வாரம் முன்னாடி வர்ற ஞாயிறும் ஒரே மாதிரி நடந்துக்காது, அதனால இந்த அறுபதை மேல்வரம்பா வைங்க. முந்தின சனிக்கிழமைக்கும் இதே கணக்குல ஒரு நாற்பது. ஆக 7,000 இல்ல, 7,100.

அடுத்தது வளர்ச்சி. "இந்த வருஷம் பிசினஸ் நல்லா இருக்கும்"ங்கிறது கணக்குல சேராது. ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ஜூன் மாசப் பில் எண்ணிக்கையை ரெண்டு வருஷத்துக்கும் ஒப்பிட்டோம். 8 சதவீதம் கூட. ஆனா அதை அப்படியே போடல. போன ஜூன்ல பழைய ஜிஎஸ்டி, இந்த ஜூன்ல புது ஜிஎஸ்டி. போன தீபாவளிக்கே புது ஜிஎஸ்டி வந்தாச்சு. வரி குறைஞ்சதால வந்த கூட்டம் ஏற்கெனவே 7,100-க்குள்ள இருக்கு, அதை ரெண்டாவது தடவை சேர்க்கக்கூடாது. அதனால 5 சதவீதம் வெச்சோம். அந்த 5 ஒரு தீர்மானம்தான், அளந்த எண் இல்ல. ஷீட்ல தனி செல்லுல வெச்சு மஞ்சள் கலர் அடிச்சிடுங்க.

7,100-ஐ 1.05-ஆல பெருக்கினா சுமார் 7,450. அதுல 12 சதவீதம், ஏறக்குறைய 900 பில். வெறும் மைனஸ் 7-ஐ மட்டும் பார்த்திருந்தா 300-னு வந்திருக்கும்.

900 பில்லை மணி நேரமா மாத்தறது

900 பில், 8 நிமிஷம், மொத்தம் 120 மணி நேரம். ஆனா 120 மணி நேர வேலைக்கு 120 மணி நேர ஆள் போட்டா வரிசை கரையவே கரையாது. ஜனங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு பில்னு அளந்து வர மாட்டாங்க, கும்பலா வருவாங்க. நூறு சதவீதம் நிரம்பின கவுன்ட்டர்ல ஒரு கும்பல் வந்தா, அதைக் கரைக்க மிச்ச நேரமே இருக்காது. அதனால ஆளோட நேரத்துல 80 சதவீதம்தான் வேலைக்குப் போகும்னு வெச்சு, 120-ஐ 0.8-ஆல வகுத்தோம். 150 மணி நேரம்.

கடையில பில்லிங், பேக்கிங்குக்கு நிரந்தரமா ஆறு பேர். ஆளுக்கு 8 மணி நேரம்னா 48. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளைக்கு 8, வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தா நாளைக்கு 10, வாரத்துக்கு 54 வரை, அந்தக் கூடுதல் நேரத்துக்கு ரெட்டைக் கூலி. வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் ஓவர்டைம்ங்கிறப்போ அதை இப்பவே செலவு பண்ணாதீங்க, யாராவது வராத நாளைக்கு வேணும். ஆக பாக்கி 102 மணி நேரம். தற்காலிக ஆட்கள் ஈடுகட்ட வேண்டியது இதுதான்.

புதுசா வந்தவர் பழையவர் வேகத்துல வேலை செய்ய மாட்டார். பில்லிங் மெஷின்ல வித்தியாசம் ரொம்பப் பெரிசு, ஒரு தப்பு பில்லை கேன்சல் பண்ணவே அஞ்சு நிமிஷம் போகும். பேக்கிங்ல குறைவு. நல்லவேளையா அந்த 8 நிமிஷத்துல பில்லிங் 3, பேக்கிங் 5. அதனால பழைய ஆறு பேரையும் மெஷின்ல உக்கார வெச்சு, புது ஆட்களைப் பேக்கிங்ல போட்டா, புதுசா வந்தவர் வேகத்தை 85 சதவீதமா வைக்கலாம். 102-ஐ 0.85-ஆல வகுத்தா 120 மணி நேரம்.

இப்போ அந்த 120 எந்த நேரத்துல வேணும்? சாயங்காலம் 5-ல இருந்து 9 வரைக்கும் மொத்தத்துல 44 சதவீதம் விழுது, மணிக்கு நூறு பில். அதுக்கு ஒரே நேரத்துல 17 பேர் வேணும். ஆறு பழையவங்க போக, புது ஆள் 13. மத்த நேரத்துல பழையவங்க சராசரி மூணு பேர் இருப்பாங்க, புது ஆள் 9 போதும். காலை 10-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் பதிமூணு பேரையும் நிக்க வெச்சா 156 மணி நேரம், ஆளுக்குப் பன்னிரண்டு மணி. சட்டப்படியும் தப்பு, ஏழு மணிக்கு மேல அவங்க மடிக்கிற வேகமே பாதியாயிடும். பதிலா ரெண்டு ஷிஃப்ட்: 10-ல இருந்து 4 வரைக்கும் ஒன்பது பேர், 4-ல இருந்து 10 வரைக்கும் பதிமூணு பேர். 132 மணி நேரம். கணக்குல வந்த 120-க்கு மேல பன்னிரண்டு மணி நேரம் கூட. முழு மனுஷங்களை முழு ஷிஃப்ட்ல போடறதால வர்ற செலவு அது. சாயங்கால ஷிஃப்ட்டுக்கு காலேஜ் பசங்க கிடைப்பாங்க, ஆறு மணி நேரம்னா சந்தோஷமா வருவாங்க.

இதே கணக்கை ஷீட்ல மத்த 15 நாளுக்கும் இழுத்து விடுங்க. அக்டோபர் கடைசி வார நாட்கள்ல 250 பில்தான் வருது. அப்போ பீஸும் குறைவு, பில்லுக்கு 7 நிமிஷம் வைங்க. இடைவெளி சேர்த்தாலும் 37 மணி நேரம்தான், பழைய ஆறு பேரோட 48-லயே அடங்கிடுது. கூடுதல் ஆள் பூஜ்யம். அப்பா சொன்ன "மாசம் பூரா பதினாலு பேர்" இங்கதான் காசைத் தின்னும்.

ஆள் சேர்த்தும் வரிசை நகரலைன்னா

ஒரு விஷயம் நண்பர் ஷீட்ல இல்லவே இல்ல: பில்லிங் மெஷின். மணிக்கு நூறு பில், ஒண்ணுக்கு 3 நிமிஷம்னா 5 மெஷின் இடைவிடாம ஓடணும். அதே 80 சதவீதக் கணக்குல ஏழு மெஷின் வேணும். கடையில இருக்கிறது அஞ்சு. பேக்கிங்ல இருபது பேரைப் போட்டாலும் மணிக்கு நூறைத் தொட்டுத் தடுமாறும், பேக்கிங் டேபிள்ல ஆள் சும்மா நிக்க, பில்லிங் வரிசை மாடிப்படி வரைக்கும் போகும். அப்படிக் காட்சி தெரிஞ்சா பிரச்சினை ஆள் இல்ல, மெஷின். ரெண்டு கையடக்க மெஷினை அந்த மூணு நாளுக்கு வாடகைக்கு எடுக்கணும். மெஷின் ஏழானா பழைய ஆறு பேர் போக ஏழாவதுல ஒரு புது ஆளை உக்கார வைக்கணும். அவரை ஒரு வாரம் முன்னாடியே எடுத்துப் பழக்குங்க.

மத்தவங்களுக்கும் பயிற்சி நேரம் உண்டு. அக்டோபர் 29, 30 வியாழன், வெள்ளியில ஆளுக்கு மூணு மணி நேரம்னா 22 பேருக்கு 66 மணி நேரம். சம்பளத்தோட. இதைக் கணக்குல எழுதாம விட்டா, பயிற்சியே கூட்டத்துக்கு நடுவுல சனிக்கிழமை சாயங்காலம் நடக்கும், அப்போ 85 சதவீத வேகம்னு போட்டது வெறும் கற்பனை.

லீவு போடறவங்களுக்கு ரெண்டு பேரை ஸ்டாண்ட்பைல வைங்க, காத்திருக்கவும் ஒரு தொகை பேசிடுங்க. ஆனா பயத்துல ஒவ்வொரு படியிலும் "கொஞ்சம் சேர்த்து" போடாதீங்க. வளர்ச்சியில பத்து, வேகத்துல பத்து, லீவுக்குப் பத்துன்னு தனித்தனியா ஏத்தினா எல்லாம் பெருக்கிக்கிட்டு மூணுல ஒரு பங்கு கூடுதல் ஆள் வந்து நிக்கும். இடைவெளிக்கு அந்த 80 சதவீதம், லீவுக்கு ரெண்டு பேர். அவ்வளவு போதும்.

கணக்கு தப்புதான்னு எப்போ தெரியும்? அக்டோபர் 24, 25 குறைவா வந்தா பதறாதீங்க, அது சம்பளத்துக்கு முந்தின வார இறுதி. மழையில ஒரு நாள் கூட்டம் குறைஞ்சாலும், பெரும்பாலும் அடுத்த நாளுக்கு நகர்ந்திருக்கும், ரெண்டு நாளையும் சேர்த்துப் பாருங்க. உண்மையான சோதனை அக்டோபர் 31 சனிக்கிழமை மதியம். 11-ல இருந்து 3 வரைக்கும் வந்த பில்லை ஷீட்ல அந்த நேரத்துக்குப் போட்ட எண்ணோட ஒப்பிடுங்க. பத்து சதவீதம் கூடன்னா சாயங்காலமும் அதே விகிதத்துல கூடும், ஸ்டாண்ட்பைல இருக்கிற ரெண்டு பேருக்கும் மூணே காலுக்கு ஃபோன் பண்ணுங்க. பத்து சதவீதம் குறைவுன்னா சாயங்காலம் வர்றவங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த நாளுக்கான கவரை முன்னாடியே பிரிச்சு வைக்கிற வேலை எப்பவும் பாக்கி இருக்கும்.

சின்னக் கடை, சாஃப்ட்வேர் இல்ல, பில் புக்தான்னு சிலர் கேப்பீங்க. கார்பன் காப்பியில தேதி இருக்கும், நேரம் இருக்காது. நாள் வாரியா எண்ணி 16 நாள் வடிவத்தை எடுத்துக்கலாம். மணி வாரிக்கு, இந்த வாரமே ஒரு ஞாயிறு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அப்போதைய பில் நம்பரை ஒரு தாள்ல குறிச்சு வைங்க. பன்னிரண்டு எண்தான் வரும். சாயங்காலத்துக்கும் மதியத்துக்கும் உள்ள விகிதம் அதுலயே கிடைச்சிடும்.